இருப்பு தெரிகிறது, எடுக்க முடியவில்லை: ஆர்டரிலும் எர்ன் திட்டத்திலும் சிக்கிய பணம்

"எக்ஸ்சேஞ்ச் கணக்கில் 4,860 USDT இருப்பதாகக் காட்டுகிறது. அதில் 2,000 எடுக்கப் போனால் Insufficient available balance என்று மறுக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஏதோ லிமிட் ஆர்டர் போட்ட ஞாபகம் இருக்கிறது, கொஞ்சம் எர்ன் திட்டத்திலும் போட்டேன். என் பணம் போய்விட்டதா? எப்படி வெளியே எடுப்பது?"

பணம் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது. திரையின் மேலே பெரிய எழுத்தில் தெரியும் 4,860 என்பது உங்களிடம் இருக்கும் எல்லாவற்றையும் இன்றைய விலையில் டெதராக, அதாவது USDT-யாக, மதிப்பிட்டுக் கூட்டிச் சொல்லும் எண். கையில் இருக்கும் டெதர், பிட்காயினாக இருப்பது, ஆர்டருக்காகப் பிடித்துவைத்திருப்பது, வட்டிக்காக எர்ன் திட்டத்தில் போட்டிருப்பது எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். பணம் எடுக்கும் பக்கம் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்ப்பதே இல்லை. ஒரு குறிப்பிட்ட நாணயம், ஒரு குறிப்பிட்ட கணக்கில், எந்தப் பிடிப்பும் இல்லாமல் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கும். திரையில் அதற்கு `Available` அல்லது `Free` என்று பெயர். உங்களுடைய அந்த எண் 2,000-க்குக் கீழே இருக்கிறது. மறுப்புக்குக் காரணம் அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, 4,860 எங்கெங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. உங்கள் கணக்கின் உள்விவரம் எனக்குத் தெரியாது. உங்கள் தொகையையே எடுத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன சூழ்நிலையில் வழக்கமாகக் காணப்படும் விதத்தில் ஒரு பிரிவினையை நானே அமைத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் எண்களை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு பிட்காயின் 64,000 டெதருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாட் கணக்கில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் 260 டெதர் இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன், விலை இறங்கினால் வாங்கலாம் என்று 50,000 விலையில் 0.03 பிட்காயினுக்கு ஒரு லிமிட் ஆர்டர் போட்டீர்கள். அதற்காக 1,500 டெதர் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. கையில் இருந்த 0.01 பிட்காயினை 80,000 விலையில் விற்க இன்னொரு ஆர்டர் போட்டீர்கள். அந்த பிட்காயினின் இன்றைய மதிப்பு 640. நெகிழ்வான எர்ன் திட்டத்தில் 1,200 டெதர். 90 நாள் பூட்டுத் திட்டத்தில் 1,260 டெதர், அதில் 40 நாள் ஓடிவிட்டது. கூட்டிப் பாருங்கள்: 260, 1,500, 640, 1,200, 1,260. சரியாக 4,860. ஒரு டெதர்கூடக் காணாமல் போகவில்லை. ஆனால் இந்த நொடியில் எடுக்கக்கூடியது 260 மட்டும்.

இந்தப் பிரிவினையைத் திரையில் தேடி அலைய வேண்டாம் என்பவர்கள், படிக்க மட்டும் அனுமதி கொண்ட ஒரு ஏபிஐ சாவியை உருவாக்கி நேராகக் கேட்டுப் பார்க்கலாம். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் `GET /api/v3/account` என்ற அழைப்பு ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு எண்களைத் தரும். நம் உதாரணத்துக்கு அதன் முக்கியமான பகுதி இப்படி இருக்கும்:

```
{"asset": "USDT",   "free": "260.00",  "locked": "1500.00"}
{"asset": "BTC",    "free": "0.00",    "locked": "0.01"}
{"asset": "LDUSDT", "free": "1200.00", "locked": "0.00"}
```

`locked` என்பது திறந்திருக்கும் ஆர்டர்கள் பிடித்துவைத்திருப்பது. மூன்றாவது வரியைப் பார்த்துப் பலர் திகைத்துவிடுகிறார்கள்; வாங்காத நாணயம் ஒன்று கணக்கில் புகுந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். நெகிழ்வான எர்ன் திட்டத்தில் போட்டதை பைனான்ஸ் `LD` என்ற முன்னொட்டுடன் காட்டும். அது பிளாக்செயினில் உலவும் நாணயம் இல்லை. திட்டத்தில் உங்கள் பங்கு இவ்வளவு என்று சொல்லும் உள் கணக்குச் சீட்டு. அதனால்தான் `free` என்று எழுதியிருந்தாலும் அதை வெளியே அனுப்ப முடியாது. பூட்டுத் திட்டத்தின் 1,260 இந்தப் பட்டியலில் வரவே வராது. அதை எர்ன் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். கிராக்கன் எக்ஸ்சேஞ்சில் இதே கேள்விக்கு `BalanceEx` என்ற அழைப்பு விடை தரும். அங்கே `balance` என்பதிலிருந்து `hold_trade` என்பதைக் கழித்தால், கடன் வசதி எதுவும் பயன்படுத்தாதவருக்கு எடுக்கக்கூடிய தொகை கிடைக்கும்.

இனி ஒவ்வொரு பிடிப்பையும் தனியாகப் பார்ப்போம். அவற்றின் தன்மை வேறுவேறு; விடுவிக்கும் விதமும், அதற்கு நீங்கள் இழப்பதும் வேறுவேறு.

ஆர்டரில் பிடிபட்ட பணம் மூன்றிலும் எளிதானது. 50,000-க்கு 0.03 பிட்காயின் வாங்குகிறேன் என்று நீங்கள் சொன்னதும், அந்த விலைக்கு விற்க எவராவது வந்த அதே கணத்தில் எக்ஸ்சேஞ்ச் அந்த வணிகத்தை முடித்தாக வேண்டும். உங்களிடம் பணம் இருக்கிறதா என்று அப்போது விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஆர்டரை ஏற்கும்போதே விலையையும் அளவையும் பெருக்கி, அந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கிவிடுகிறது. சில இடங்களில் கட்டணத்தையும் சேர்த்து ஒதுக்குவார்கள். இந்த ஒதுக்கல் இல்லாவிட்டால் ஒரே 1,500 டெதரை வைத்து நீங்கள் பத்து ஆர்டர் போடலாம், பணத்தை வெளியே அனுப்பிவிட்டும் ஆர்டரை விட்டுவைக்கலாம். சந்தை ஒரு நாள்கூட ஓடாது. வாங்கும் ஆர்டர் என்றால் கொடுக்கப்போகும் டெதர் பிடிபடும். விற்கும் ஆர்டர் என்றால் விற்கப்போகும் பிட்காயின் பிடிபடும். டெதரை எடுக்க முடியாமல் தவிக்கும் ஒருவர் விற்கும் ஆர்டரை ரத்து செய்துவிட்டு, இருப்பு ஏன் கூடவில்லை என்று கேட்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ரத்து செய்ததும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது பிட்காயின். அதை டெதராக்க அவர் இன்றைய விலைக்கு விற்க வேண்டும்.

இந்த ஆர்டர்கள் ஏன் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன? பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் லிமிட் ஆர்டரின் இயல்பான ஆயுள் `GTC`, அதாவது நீங்கள் ரத்து செய்யும்வரை. பங்குச் சந்தையில் பழகியவர்கள் நாள் முடிந்ததும் ஆர்டர் தானாகக் காலாவதியாகிவிடும் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். இங்கே சந்தை மூடுவதே இல்லை. ஆகையால் நாள் முடிவும் இல்லை.

அடுத்த சிக்கல், ஆர்டர் இருந்தும் கண்ணில் படாமல் போவது. பலர் "எல்லா ஆர்டரையும் ரத்து செய்துவிட்டேன், இன்னும் பணம் வரவில்லை" என்று சொல்வதன் பின்னணி இதுதான். வணிகப் பக்கத்தின் அடியில் இருக்கும் பட்டியல், நீங்கள் அப்போது திறந்துவைத்திருக்கும் இணைக்குரிய ஆர்டர்களை மட்டும் காட்டும்படி அமைந்திருக்கலாம். `Hide Other Pairs` என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிட்காயின் பக்கத்தில் நின்றுகொண்டு ஈதருக்குப் போட்ட ஆர்டரைத் தேடினால் கிடைக்காது. விலை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தொட்ட பிறகே சந்தைக்குப் போகும் ஸ்டாப்-லிமிட் ஆர்டர்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. பல எக்ஸ்சேஞ்சுகளில் ஸ்டாப்-லிமிட் ஆர்டரும் போட்ட நொடியிலிருந்தே பணத்தைப் பிடித்துவைக்கும், விலை அந்த எல்லையைத் தொடாவிட்டாலும்கூட. பல விலைகளில் தானாகவே வாங்கி விற்கும் கிரிட் பாட் என்ற நிரலை ஓட விட்டிருந்தால் அது இன்னும் மறைவானது. பாட்டுக்கு ஒதுக்கிய முழுத் தொகையும் அதன் பெயரில் போய்விடும். அது போட்ட ஆர்டர்களை ஒவ்வொன்றாக ரத்து செய்து பயனில்லை, பாட்டையே நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது, கையில் சேர்ந்திருக்கும் நாணயங்களை விற்று டெதராக்கவா அல்லது அப்படியே தரவா என்று கேட்கும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் அழுத்திவிடாதீர்கள். விருப்பமில்லாத விலைக்கு விற்பனை நடந்துவிடும்.

பாதி நிறைவேறிய ஆர்டரும் குழப்பம் தரும். 0.03 பிட்காயினில் 0.01 கிடைத்துவிட்டது என்றால் 500 டெதர் செலவாகியிருக்கும், மீதி 1,000 பிடிப்பிலேயே இருக்கும். ரத்து செய்தால் இந்த 1,000 மட்டும்தான் திரும்பும். ரத்து செய்யும் கோரிக்கை போய்ச் சேர்வதற்குள் ஆர்டர் நிறைவேறிவிடுவதும் உண்டு. சந்தை விரைவாக விழும் நேரத்தில் இது அரிதல்ல. அப்போது கணக்கில் டெதருக்குப் பதில் பிட்காயின் இருக்கும். ஆர்டர் வரலாற்றுப் பக்கத்தில் `Canceled` என்று இருக்கிறதா `Filled` என்று இருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ரத்து செய்யக் கட்டணம் வழக்கமாக இல்லை. பணம் சில நொடிகளில் `Available` பக்கம் வந்துவிடும்.

எர்ன் திட்டத்தின் கதை வேறு. ஆர்டருக்காகப் பிடித்துவைத்தது உங்கள் பெயரில் ஒதுக்கிவைத்த பணம். வெறும் கணக்குப் பதிவு. எர்ன் திட்டத்தில் போட்டதை எக்ஸ்சேஞ்ச் எடுத்து எங்கேயோ வேலைக்கு விட்டிருக்கிறது. மார்ஜினில் கடன் வாங்குவோருக்குக் கொடுத்திருக்கலாம், பிளாக்செயினின் பாதுகாப்புக்குப் பிணையாக வைத்து ஸ்டேக்கிங் செய்திருக்கலாம், வேறொரு நிறுவனத்துக்குக் கடனாகத் தந்திருக்கலாம். வட்டி அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே பணம் திரும்பி வரும் வேகமும், அது போன இடம் எவ்வளவு விரைவில் திருப்பித் தரும் என்பதைப் பொறுத்தது.

நெகிழ்வான திட்டத்தில் பொதுவாகச் சில நிமிடங்களில் மீட்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை என்பதால் எக்ஸ்சேஞ்ச் ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்திருந்து சமாளிக்கிறது. ஆனால் ஒரு நாளில் ஒருவர் மீட்கக்கூடிய தொகைக்கும், மொத்தத் திட்டத்திலிருந்து உடனடியாக மீட்கக்கூடிய தொகைக்கும் வரம்பு இருக்கலாம். சந்தை கலங்கும் நாட்களில், அதாவது பலரும் பணத்தை வெளியே எடுக்கத் துடிக்கும் அதே நாட்களில், அந்த வரம்பு நிரம்பிவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: எர்ன் திட்டத்தில் இருப்பதை அடமானமாக வைத்து நீங்கள் கடன் எடுத்திருந்தால், கடனை அடைக்கும்வரை மீட்புப் பொத்தான் இயங்காது. கடன் எடுத்ததே பலருக்கு மறந்துபோயிருக்கும்.

பூட்டுத் திட்டத்தில் 30, 60, 90 நாள் என்று தவணை இருக்கும். முன்கூட்டியே எடுக்க அனுமதிக்கும் இடங்களில் அதுவரை வந்த வட்டியை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே நாள்தோறும் உங்கள் கணக்குக்கு வட்டி வந்துவிட்டது என்றால் அதை அசலிலிருந்து கழிப்பார்கள். நம் உதாரணத்தில் 1,260 டெதருக்கு ஆண்டு வட்டி 8 சதவீதம் என்றால், 40 நாளில் சேர்ந்திருப்பது சுமார் 11.05 டெதர். முன்கூட்டியே எடுத்தால் கைக்கு வருவது 1,248.95. தொகை குறைந்திருப்பதைப் பார்த்து அசலைத் திருடிவிட்டார்கள் என்று பதறுகிறவர்கள், முன்பே வட்டியாக வந்த 11.05 ஐக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறந்தவர்கள். அதோடு பணம் உடனே வராது. ஓரிரு நாளோ மூன்று நாளோ ஆகலாம். சில திட்டங்களில் தவணை முடியும்வரை எடுக்கவே வழி கிடையாது. திட்டத்தின் பக்கத்தில் `Redeem` என்ற பொத்தானை அழுத்தினால், உறுதி செய்வதற்கு முன்பே எவ்வளவு வரும், எந்த நாளில் வரும் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கலாம். பார்ப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

திட்டம் உண்மையான ஸ்டேக்கிங்காக இருந்தால், தாமதத்தை விதிப்பது பிளாக்செயின். காஸ்மோஸின் ஆட்டம் நாணயத்தை ஸ்டேக்கிங்கிலிருந்து விடுவிக்க 21 நாட்கள் ஆகும். எக்ஸ்சேஞ்ச் நினைத்தாலும் அதைக் குறைக்க முடியாது; தன் சொந்தக் கையிருப்பிலிருந்து முன்பணமாகத் தரத்தான் முடியும். எதீரியத்தில் நிலையான கால அளவே இல்லை. ஸ்டேக்கிங் செய்து பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்கள் வெளியேற விரும்பினால் வரிசையில் நிற்க வேண்டும், வரிசையின் நீளம் நாளுக்கு நாள் மாறும். 2025 செப்டம்பரில் அந்தக் காத்திருப்பு 40 நாட்களைத் தாண்டிப் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு நாள்தோறும் எழுதினாலும் வரிசை நகராது.

இப்போது உங்கள் 2,000-க்கு வருவோம். எடுக்கும்போது நெட்வொர்க் கட்டணமாக 1 டெதர் போகும் என்று வைத்துக்கொண்டால் 2,001 தேவை. கொஞ்சம் இடம்விட்டு 2,010 என்று கணக்கிடுவோம். கையில் 260 இருக்கிறது. 50,000-க்குப் போட்ட வாங்கும் ஆர்டரை ரத்து செய்தால் 1,500 வரும், மொத்தம் 1,760. இன்னும் 250 வேண்டும். அதை நெகிழ்வான திட்டத்திலிருந்து மீட்கலாம். மீதி 950 அங்கேயே வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். மொத்தம் 2,010. பூட்டுத் திட்டத்தையும் விற்கும் ஆர்டரையும் தொடவே தேவையில்லை. ஒரு பைசா வட்டியைக்கூட இழக்காமல், சில நிமிடங்களில் முடிகிற வேலை. மறுப்புச் செய்தியைப் பார்த்த பதற்றத்தில் எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் பூட்டுத் திட்டத்தை உடைத்து வட்டியை இழந்து மூன்று நாள் காத்திருந்துவிட்டு, அதன்பிறகு மறந்துபோன ஆர்டர் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு கணக்குப் போடுகிறேன்.

அந்த வாங்கும் ஆர்டர் உங்களுக்கு முக்கியம், அதை முழுவதும் விட மனமில்லை என்றால் இன்னொரு வழி. நெகிழ்வான திட்டத்தின் 1,200 ஐ முழுவதும் மீட்டால் கையில் 1,460 ஆகும். இன்னும் 550 வேண்டும். ஆர்டரை ரத்து செய்துவிட்டு அதே 50,000 விலையில் 0.019 பிட்காயினுக்கு மறுபடி போடுங்கள். அது 950 டெதரைப் பிடித்துக்கொள்ளும், 550 விடுபடும். இதில் ஒரு சிறு இழப்பு உண்டு. ஒரே விலையில் நிற்கும் ஆர்டர்கள் வந்த வரிசையில்தான் நிறைவேறும். மறுபடி போட்டதால் நீங்கள் அந்த வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். இன்றைய விலையிலிருந்து இவ்வளவு தள்ளி நிற்கும் ஆர்டருக்கு அது பெரிய விஷயமல்ல என்பது என் கருத்து. அளவை மட்டும் குறைத்து இடத்தைத் தக்கவைக்கும் வசதி சில எக்ஸ்சேஞ்சுகளில் இருக்கிறது. `Amend` அல்லது `Modify` என்று தேடிப் பாருங்கள்.

எல்லாம் செய்து முடித்த பிறகும் எடுக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, பணம் வேறொரு கணக்கில் போய் விழுந்திருக்கும். ஒரே எக்ஸ்சேஞ்சுக்குள் ஸ்பாட், ஃபண்டிங், ஃபியூச்சர்ஸ் என்று தனித்தனி அறைகள் உண்டு. எடுத்துக்காட்டாக ஓகேஎக்ஸில் வெளியே அனுப்புவது ஃபண்டிங் கணக்கிலிருந்துதான். வணிகக் கணக்கில் இருப்பதை முதலில் அங்கே மாற்ற வேண்டும். இந்த உள்மாற்றத்துக்குக் கட்டணமோ காத்திருப்போ வழக்கமாக இல்லை. இரண்டாவது, தானியங்கிச் சேர்ப்பு. எர்ன் பக்கத்தில் `Auto-Subscribe` என்ற சுவிட்ச் இயங்கிக்கொண்டிருந்தால், ஸ்பாட் கணக்கில் சும்மா இருக்கும் பணத்தை அது மறுபடி திட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும். நான் ஒருமுறை இரவில் மீட்டுவிட்டுக் காலையில் அனுப்பலாம் என்று படுத்தேன். காலையில் இருப்பு பழையபடி பூஜ்யம். ஒரு மணி நேரம் பாதுகாப்புப் பதிவுகளையெல்லாம் புரட்டி, யாரோ கணக்கில் நுழைந்துவிட்டார்கள் என்றே நம்பிவிட்டேன். பிறகுதான் அந்த சுவிட்ச் கண்ணில் பட்டது. மீட்பதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள். பூட்டுத் திட்டத்துக்கும் இதே போன்ற தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு. அதை அணைக்காவிட்டால் 90 நாள் முடிந்த அன்று அடுத்த 90 நாள் தொடங்கிவிடும். உங்களுக்கு இன்னும் 50 நாள் இருக்கிறது, இன்றே அணைத்துவைக்கலாம்.

இவை தவிர, புதிதாக வந்த டெபாசிட் வணிகத்துக்குக் கிடைத்தும் வெளியே அனுப்பச் சிறிது நேரம் நிறுத்திவைக்கப்படுவதும், கடவுச்சொல்லை மாற்றிய பிறகு 24 மணி நேரம் போலத் தடை விழுவதும் உண்டு. ஆனால் அப்போது வரும் செய்தி வேறாக இருக்கும். நேரத்தைக் குறிப்பிடும், இருப்பைக் குறை சொல்லாது.

வட்டிக்காக எர்னில் தொடர்ந்து வைத்திருக்க நினைக்கிறவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். செல்சியஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனம் 2022 ஜூன் 12 அன்று எல்லாருடைய பண எடுப்பையும் நிறுத்தியது, அடுத்த மாதம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜனவரி 4 அன்று நியூயார்க்கின் திவால் நீதிபதி மார்ட்டின் கிளென் ஒரு தீர்ப்பு அளித்தார்: எர்ன் கணக்குகளில் போடப்பட்ட சுமார் 420 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் நிறுவனத்துக்கே சொந்தம், போட்டவர்கள் பிணை எதுவும் இல்லாமல் அதற்குக் கடன் கொடுத்தவர்கள். காரணம், எர்ன் கணக்குக்கான விதிமுறைகளில் நாணயத்தின் உரிமை செல்சியஸுக்கு மாறுகிறது என்று எழுதியிருந்தது. பயனர்கள் அதற்கு ஒப்புதல் தந்திருந்தார்கள். திரையில் அவர்களுடைய இருப்பு கடைசிவரை தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு எர்ன் திட்டமும் அப்படி முடியும் என்று சொல்லவரவில்லை. ஆர்டரில் பிடிபட்ட 1,500-உம் எர்னில் போட்ட 1,200-உம் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், விதிமுறையில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் எக்ஸ்சேஞ்சின் எர்ன் விதிமுறையைத் திறந்து `title` அல்லது `ownership` என்ற சொல்லைத் தேடி, அந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

நீங்கள் பிரித்துப் பார்த்த துண்டுகளைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவரவில்லை என்றால் மட்டும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். "பணம் எடுக்க முடியவில்லை" என்று எழுதினால் எல்லாருக்கும் அனுப்பும் பதில்தான் வரும். நாணயத்தின் பெயர், மொத்தம், எடுக்கக்கூடியது, நீங்கள் கண்டுபிடித்த ஆர்டர்களின் எண்கள், எர்ன் திட்டத்தில் இருப்பது, எஞ்சி விளக்கம் கிடைக்காத தொகை ஆகியவற்றை எழுதி, அந்த எஞ்சிய தொகை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ரத்தான பிறகும் ஒரு ஆர்டரின் பிடிப்பு நீங்காமல் ஒட்டிக்கொண்டிருப்பது அரிதாக நடக்கிறது. ஆர்டர் எண் கையில் இருந்தால் அவர்களால் அதை விரைவாகச் சரிசெய்ய முடியும். செயலியின் உள்ளே இருக்கும் உதவிப் பக்கத்திலிருந்து மட்டும் எழுதுங்கள். டெலிகிராமில் தாமாக முன்வந்து உதவுவதாகச் சொல்பவர் எவரும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்ல.

கடைசியாக ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை சொன்ன எந்தப் பிடிப்பையும் விடுவிக்க வெளியிலிருந்து பணம் அனுப்ப வேண்டியதில்லை. ஆர்டரை ரத்து செய்ய இலவசம், எர்னை உடைத்தால் இழப்பது உள்ளே இருக்கும் வட்டி, எடுக்கும் கட்டணமும் உள்ளே இருக்கும் இருப்பிலிருந்தே கழியும். கடன் ஒன்று இருந்தால் மட்டும் அதை அடைக்க வேண்டியிருக்கும். அந்தக் கடனை எடுத்தது நீங்களே, அதன் பதிவும் உங்கள் கணக்கில் இருக்கும். "வரியாக 10 சதவீதம் முதலில் அனுப்புங்கள்", "கணக்கைச் சரிபார்க்க 500 டெதர் போடுங்கள், உடனே முழுவதும் திறந்துவிடும்" என்று உங்கள் தளம் கேட்டால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் 4,860 என்ற எண்ணுக்குப் பின்னால் ஆர்டரும் இல்லை, எர்னும் இல்லை. அது திரையில் எழுதிவைத்த எண் மட்டுமே. அங்கே மேற்கொண்டு ஒன்றும் அனுப்பாதீர்கள். இதுவரை அனுப்பியவற்றின் பரிவர்த்தனை எண்களையும் அவை போய்ச் சேர்ந்த முகவரிகளையும் குறித்துக்கொண்டு, தாமதிக்காமல் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.